ஒலன்சபின், ரிஸ்பெரிடோன்: முதல் வாரங்களின் நித்திரை ஏன் பிறகு குறைகிறது?

மனநலக் கிளினிக் ஒன்றில் மருந்து வழங்கும் யன்னலுக்கு உள்ளே நின்று வேலை செய்த காலத்தில், ஒரே தாய் மூன்று வார இடைவெளியில் என்னிடம் இரண்டு கேள்விகள் கேட்டார். முதல் தடவை, "சேர், புள்ள நித்திரையாவே கிடக்கான், சோறு திங்கவும் எழும்புறான் இல்ல, மருந்து கூடிப்போச்சோ தெரியா" என்றார். இரண்டாம் தடவை, "இப்ப நித்திரை குறைஞ்சிட்டு சேர், மருந்து புடிக்குதில்ல போல, இன்னொரு குளிசை கூடக் குடுக்கவா?" என்றார். இரண்டும் எதிரெதிரான கேள்விகளாகத் தோன்றினாலும், இரண்டின் அடியிலும் இருந்தது ஒரே எண்ணம்: மகனை உறங்க வைப்பதுதான் அந்த மருந்தின் வேலை, ஆகவே நித்திரையின் அளவுதான் மருந்தின் அளவு. மட்டக்களப்பிலும் அம்பாறையிலும் நான் பார்த்த குடும்பங்களில் மிகப் பலருக்கு இந்த எண்ணம் இருந்தது. அது எங்கே சரி, எங்கே பிழை என்பதை அந்த இளைஞனின் மூன்று மாதங்களை வைத்தே விளக்க முயல்கிறேன். அவனை இனங்காட்டக்கூடிய விவரங்களை மாற்றியிருக்கிறேன்.

அவனுக்கு அப்போது 24 வயது. படுவான்கரைப் பக்கத்தில் தகப்பனோடு வேளாண்மை செய்தவன். ஒன்றரை மாதமாக யாரோ தன்னைப் பற்றிப் பேசும் குரல்கள் கேட்பதாகவும், பக்கத்து வயற்காரர் தனக்கு ஏதோ செய்துவிட்டதாகவும் சொல்லிக்கொண்டு, இரவில் வரப்பு வழியே நடந்து திரிந்திருக்கிறான். இல்லாத குரல் கேட்பதும், எவ்வளவு எடுத்துச் சொன்னாலும் அசையாத சந்தேகமும் சேர்ந்த இந்த நிலையைத்தான் உளமாய நோய் என்கிறோம். கடைசி மூன்று வாரங்களில் அவன் ஓர் இரவில் இரண்டு மணித்தியாலத்துக்கு மேல் உறங்கவில்லை என்று தாய் சொன்னார். வைத்தியர் ஒலன்சபின் எழுதினார்: முதல் இரண்டு இரவுகள் 5 மில்லிகிராம், மூன்றாம் இரவிலிருந்து 10 மில்லிகிராம். அத்துடன், மருந்து பிடிக்கும் வரை அமைதிக்காக, முதல் ஏழு இரவுகளுக்கு மட்டும் 5 மில்லிகிராம் டயசிபாம்.

ஆறாம் நாள், கிளினிக் இல்லாத ஒரு நாளில், தாய் யன்னலுக்கு வந்து முதற் கேள்வியைக் கேட்டார். மகன் நாளொன்றுக்குப் பதினைந்து, பதினாறு மணித்தியாலம் உறங்குகிறான். முதல் நாளைவிட ஐந்தாம் நாள்தான் மோசம் என்றார். அந்தக் கடைசி வாக்கியம்தான் அவரைப் பயமுறுத்தியிருந்தது. உடம்பு மருந்துக்குப் பழகும் என்றால் நாளுக்கு நாள் குறையத்தானே வேண்டும்?

இதற்குப் பதில் சொல்ல, முதலில் இந்த மருந்து ஏன் நித்திரையைத் தருகிறது என்று பார்க்க வேண்டும். நம் மூளையின் அடிப்பகுதியில் ஒரு சிறு நரம்புக் கலக் கூட்டம் இருக்கிறது. நாம் விழித்திருக்கும்போது அது ஹிஸ்டமின் என்ற பொருளை மூளையின் மற்றப் பகுதிகளுக்கு அனுப்பிக்கொண்டிருக்கிறது. அந்தப் பொருள் போய் ஒட்டுவதற்கென்று கலங்களின் மேற்பரப்பில் உள்ள இடங்களை வாங்கிகள் என்பார்கள். பூட்டுக்குள் திறப்பு நுழைவதுபோல ஹிஸ்டமின் தன் வாங்கிக்குள் நுழையும்போது, விழிப்பாக இரு என்ற செய்தி அந்தக் கலத்துக்குப் போகிறது. வேறொரு பொருள் அந்தப் பூட்டுத் துவாரத்தை அடைத்துக்கொண்டால் செய்தி போகாது. தலை பாரமாகும், கண் சொருகும். தடிமனுக்கும் உடம்புக் கடிக்கும் நாம் பார்மசியில் வாங்கிப் போடும் பிரிட்டோன் குளிசை நித்திரையைத் தருவது இப்படித்தான். ஒலன்சபினும் அதே பூட்டை, மிகுந்த பிடிப்போடு அடைக்கிறது.

இந்த உறவு தற்செயலானது அல்ல. உளமாய நோய்க்கு முதன்முதலில் கண்டறியப்பட்ட மருந்தான குளோர்ப்ரோமசின், ஒவ்வாமை மருந்துகளை ஆராய்ந்த வழியிலேயே 1950களின் தொடக்கத்தில் பிரான்சில் உருவானது. வாந்திக்கும் ஒவ்வாமைக்கும் இன்றும் கொடுக்கப்படும் புரோமெதசினின் நெருங்கிய உறவு அது. அதைக் கொடுத்துப் பார்த்த வைத்தியர்கள் கண்ட முக்கியமான விடயம், தொடக்கத்து நித்திரை சில நாட்களில் தெளிந்த பிறகும் நோயாளியின் குழப்பமும் கொந்தளிப்பும் தணிந்தபடியே போயின என்பதுதான். ஆக, நித்திரையும் குணமும் இரண்டு தனி வேலைகள் என்பது இந்த மருந்துகளின் வரலாற்றின் தொடக்கத்திலேயே தெரிந்த செய்தி.

குணம் வருவது வேறொரு பூட்டிலிருந்து. டோபமின் என்ற பொருள், ஒரு நிகழ்ச்சி நமக்கு எவ்வளவு முக்கியமானது என்ற முத்திரையை மூளையில் குத்துகிறது. உளமாய நோயில் அந்த முத்திரை கண்டபடி விழுகிறது: பக்கத்து வயற்காரரின் இருமல்கூடத் தனக்கென்று அனுப்பப்பட்ட சைகையாகிறது. ஒலன்சபினும், இதே நோய்க்குக் கொடுக்கப்படும் ரிஸ்பெரிடோனும் டோபமின் வாங்கிகளில் ஒரு பெரும் பங்கை அடைத்து அந்த அளவுக்கு மீறிய முத்திரையைத் தணிக்கின்றன. அதன் பிறகு குரல் தூரமாவதும் சந்தேகம் தளர்வதும் நாட்களில் தொடங்கி வாரங்களில் நடக்கிற காரியம். நித்திரையோ முதற் குளிசை விழுந்த சில மணித்தியாலங்களிலேயே வந்துவிடுகிறது. ஒரே குளிசை இரண்டு பூட்டுகளில் வேலை செய்கிறது. அவற்றின் பலன் வெளியே தெரியும் வேகம் ஒன்றல்ல. இதை மனதில் வைத்துக்கொண்டால் மீதி எல்லாம் எளிது.

இப்போது ஐந்தாம் நாளின் மர்மத்துக்கு வருவோம். ஒலன்சபின் உடம்பை விட்டு மெதுவாகப் போகிற மருந்து. இரத்தத்தில் உள்ளதில் பாதி கழிவதற்குச் சராசரியாக 30 மணித்தியாலம் ஆகிறது. ஆளுக்கு ஆள் இது கூடியும் குறைந்தும் இருக்கும். நாமோ 24 மணித்தியாலத்துக்கு ஒரு தடவை குளிசையைக் கொடுக்கிறோம். அதாவது, நேற்றையது பாதிகூடத் தீராத நிலையில் இன்றையது மேலே வந்து சேர்கிறது. 30 மணித்தியாலக் கணக்கில், ஒரு நாள் கழித்து 100க்கு ஏறக்குறைய 57 பங்கு மிஞ்சும்.

அந்த இளைஞனின் கணக்கைத் தாயின் முன்னாலேயே கிளினிக் கொப்பியின் பின்பக்கத்தில் போட்டுக் காட்டினேன். முதல் இரவு 5 மில்லிகிராம். மறுநாள் இரவு அதில் 3 அளவில் மிஞ்சியிருக்க, புதிய 5 சேர்ந்து 8 ஆகிறது. மூன்றாம் இரவு, மிஞ்சிய 4.5 உடன் 10 சேர்ந்து 14.5. நான்காம் இரவு 18. ஐந்தாம் இரவு 20.5. ஏழாம் இரவு 22.5. அதற்குப் பிறகு ஏற்றம் மிகவும் சிறியது. நாளொன்றுக்குக் கழிவதும் சேர்வதும் சமமாகி, 23.5 என்ற மட்டத்தில் நின்றுவிடுகிறது. உண்மையான உடம்பு இவ்வளவு கறாராகக் கணக்குப் பார்க்காது, இருந்தாலும் போக்கு இதுதான்: முதல் இரவில் இருந்ததைப்போல நான்கு மடங்குக்கு மேற்பட்ட மருந்து ஏழாம் இரவில் உடம்பில் இருக்கிறது. ஐந்தாம் நாள் முதல் நாளைவிடப் பாரமாக இருந்ததில் அதிசயம் எதுவும் இல்லை.

அவனுடைய நித்திரைக்கு வேறு இரண்டு பங்காளிகளும் இருந்தார்கள். ஒன்று டயசிபாம். அதுவும் அது உடைந்து உண்டாகும் பொருளும் உடம்பில் பல நாள் தங்குபவை. ஆகவே ஏழாம் இரவோடு நிறுத்தினாலும் அதன் மந்தம் மேலும் சில நாட்களுக்கு இழுக்கும். மற்றது, மூன்று வாரம் உறங்காத உடம்பு தன் கடனை வசூலிப்பது. இந்தக் கடன் நித்திரையை மருந்தின் கெடுதி என்று சொல்வது எனக்குச் சரியாகப் படவில்லை. நோய் கொந்தளித்த காலத்தில் வராத நித்திரை, கொந்தளிப்பு அடங்கியதும் வந்து சேர்கிறது, அவ்வளவுதான்.

இத்தனை காரணங்கள் சேர்ந்து ஏற்றிய நித்திரை பிறகு எப்படி இறங்குகிறது? டயசிபாம் நின்றதும் கடன் தீர்ந்ததும் இரண்டு பங்கு தானாகக் கழிகிறது. சுவையான பகுதி மூன்றாவது: ஒலன்சபின் இரத்தத்தில் உச்ச மட்டத்தில் நிலைத்து நிற்கும்போதே அது தரும் நித்திரை குறைகிறது. இதைத்தான் பழகுதல் என்கிறோம். பிரிட்டோன் போன்ற குளிசையைத் தொடர்ந்து எடுப்போரில் பலருக்கு முதல் நாள் வந்த மயக்கம் மூன்று, நான்கு நாட்களில் பெருமளவு மங்குவது இந்தப் பழகுதலால்தான். ஒலன்சபினில் மட்டம் ஏறிக்கொண்டே இருப்பதால் இதற்குக் கூடுதல் நாட்கள் தேவைப்படுகின்றன.

பழகுதல் நடக்கக் காரணம், விழிப்பை மூளை ஹிஸ்டமினிடம் மட்டும் ஒப்படைத்து வைக்காததுதான். நோரட்ரீனலின், அசற்றைல்கோலின், ஒரெக்சின் என்று வேறு பல வழிகளும் விழிப்பைத் தாங்குகின்றன. பிறப்பிலேயே ஹிஸ்டமின் தயாரிக்க முடியாதபடி வளர்க்கப்பட்ட ஆய்வுகூட எலிகள்கூட நாள் முழுவதும் உறங்கிக் கிடப்பதில்லை. அவற்றின் விழிப்பு நேரம் மற்ற எலிகளுடையதற்குக் கிட்டத்தட்ட ஒத்ததாகவே இருக்கிறது. ஒரு வழி அடைபட்டால் மற்ற வழிகள் கொஞ்சம் கொஞ்சமாகக் கூடுதல் பாரத்தை ஏற்கின்றன. பெருமழையில் ஒரு பாதை வெள்ளத்தில் மூழ்கினால், முதல் இரண்டு நாள் ஊர் முடங்கி, பிறகு ஆட்கள் வேறு பாதையைப் பிடித்துக்கொண்டு டவுனுக்குப் போய்வருவதைப் போல. முதற் பாதை இன்னும் வெள்ளத்தில்தான் இருக்கிறது. அதாவது குளிசை இன்னும் ஹிஸ்டமின் பூட்டை அடைத்துக்கொண்டுதான் இருக்கிறது.

டோபமின் பக்கத்தில் இப்படி நடந்துவிடாதா என்பது நியாயமான கேள்வி. முதல் சில வாரங்களில் நித்திரை தெளிவதைப்போல மருந்தின் குணம் தெளிந்து போய்விடுவதில்லை. அதே அளவைத் தொடர்ந்து எடுக்கும் பெரும்பாலானோருக்கு நன்மை அந்த வாரங்களில் கூடத்தான் செய்கிறது. இளைஞனின் தாய் மூன்று வாரங்களுக்குப் பிறகு கேட்ட இரண்டாம் கேள்விக்குப் பதில் இதுவே. அன்று நான் அவரிடம் நித்திரையைப் பற்றி மேற்கொண்டு பேசாமல், குரல்களைப் பற்றிக் கேட்டேன். "அது கேக்கிற எண்டுதான் சொல்றான், ஆனா முன்னமாதிரி அதோட சண்டை புடிக்கிறான் இல்ல" என்றார். குரல் தூரமாகியிருந்தது, வரப்பில் நடப்பது நின்றிருந்தது, காலை ஏழு மணிக்கு எழும்பியிருந்தான். மருந்து பிடித்ததன் அடையாளங்கள் இவை. இன்னொரு குளிசையைக் கூட்டியிருந்தால் நித்திரை திரும்ப வந்திருக்கும். அதற்கு மேல் எந்தப் பயனும் இருந்திருக்காது.

ஆறாம் நாளுக்குத் திரும்புகிறேன், ஏனென்றால் அன்று வைத்தியர் செய்தது மிகச் சிறிய ஒரு மாற்றம். குளிசையை அவர்கள் இரவு 10 மணிக்குக் கொடுத்து வந்தார்கள். அதை 8 மணிக்கு மாற்றச் சொன்னார், அளவைத் தொடவில்லை. விழுங்கிய ஒலன்சபின் இரத்தத்தில் உச்சத்தைத் தொட ஏறக்குறைய ஆறு மணித்தியாலம் எடுக்கிறது. 10 மணிக்குப் போட்டால் உச்சம் விடியப்புறம் 4 மணிக்கு. அவனை 6 மணிக்கு எழுப்பப் பார்த்தால் அவன் கிட்டத்தட்ட உச்சத்திலேயே இருக்கிறான். 8 மணிக்குப் போட்டால் உச்சம் நள்ளிரவு தாண்டி 2 மணிக்குப் போகிறது. இந்த இரண்டு மணித்தியாலம் மருந்தின் மொத்த மட்டத்தைப் பெரிதாக மாற்றாது, என்றாலும் காலையின் பாரத்தில் வித்தியாசம் தெரியும். அவனுக்குத் தெரிந்தது. எட்டாம் நாள் டயசிபாமும் நின்றது. பத்தாம் நாள் பத்து மணித்தியாலம் உறங்கினான், மதியத்தில் ஒரு மணித்தியாலம் சாய்ந்தான். மூன்றாம் வாரத்தில் அந்த மதிய நித்திரையும் போய்விட்டது.

வைத்தியர் அளவைக் குறைக்காததற்கும் ஒரு காரணம் உண்டு. பல வீடுகளில் ஆட்கள் யாரையும் கேட்காமல் குளிசையைக் கத்தியால் இரண்டாக வெட்டிப் பாதியைக் கொடுக்கிறார்கள்; அன்பினால் செய்வதுதான். ஒலன்சபின் ஹிஸ்டமின் பூட்டை மிகக் குறைந்த அளவிலேயே பெரும்பாலும் அடைத்துவிடுகிறது; டோபமின் பூட்டில் போதிய பங்கை அடைக்க அதைவிடக் கூடிய அளவு வேண்டும். ஆகவே 10 மில்லிகிராமை 5 ஆக்கினால் நித்திரை பாதியாகக் குறையும் என்று எதிர்பார்க்க முடியாது, ஆனால் குணம் கணிசமாகக் கைவிட்டுப் போகலாம். அதுவும் உடனே தெரியாது, முன்பு தேங்கிய மருந்து சில நாட்கள் தாங்கி நிற்கும். குரல்கள் திரும்பும்போது, பத்து நாளுக்கு முன் வெட்டிய குளிசையை யாரும் நினைத்துப் பார்ப்பதில்லை.

ரிஸ்பெரிடோனின் கதை கொஞ்சம் வேறு. ஹிஸ்டமின் பூட்டில் அதன் பிடி ஒலன்சபினைவிடத் தளர்ந்தது, ஆகையால் நித்திரையும் பொதுவாகக் குறைவு. விழுங்கி ஏறக்குறைய ஒரு மணித்தியாலத்தில் உச்சத்துக்கு வருகிறது. படுக்கப் போகும் நேரத்தில் கொடுத்தால் போதும். ஈரலில் அது மாறி உண்டாகும் பொருளும் மருந்தாகவே வேலை செய்வதால், ஒரு தடவை கொடுத்தது மறுநாள் வரை நிற்கிறது. தொடக்கத்தில் இதில் பார்க்க வேண்டியது நித்திரையைவிடத் தலைச்சுற்று. இரத்தக் குழாய்களை இறுக்கி வைக்கும் வாங்கிகளையும் இது அடைப்பதால், படுத்திருந்தவர் சட்டென்று எழும்பினால் இரத்த அமுக்கம் விழுந்து கண் இருட்டிவிடும். 1 அல்லது 2 மில்லிகிராமில் தொடங்கிப் படிப்படியாகக் கூட்டுவதற்கு இது ஒரு முக்கிய காரணம். நம் பக்கத்தில் பல வீடுகளில் மலசலகூடம் வளவின் மூலையில் இருக்கிறது. நடுச்சாமத்தில் நித்திரைக் கலக்கத்தோடு எழும்பி, படியிறங்கி, இருட்டில் போகிறவர் விழுந்து தலையை உடைத்துக்கொண்ட சம்பவங்களைப் பார்த்திருக்கிறேன். கட்டில் ஓரத்தில் இரண்டு நிமிடம் உட்கார்ந்து எழும்ப வேண்டும், முதல் இரண்டு வாரமும் வீட்டில் ஒருவர் துணைக்குப் போக வேண்டும். இந்தச் சுற்றும் பழகப் பழகக் குறைவதுதான்.

ரிஸ்பெரிடோனில் இன்னொரு பொறி இருக்கிறது. கல்முனைப் பக்கத்துப் பெண்பிள்ளை ஒருவருக்கு நோன்பு மாதத்துக்கு முன் இந்த மருந்தை ஆரம்பித்து, இரண்டு வாரத்தில் 2 மில்லிகிராமிலிருந்து 4 ஆகக் கூட்டியிருந்தார்கள். ஒரு மாதம் முடிந்து வந்தபோது உம்மா சொன்னார், "நித்திரை கூடிக்கிட்டே போகுது, நோன்பு புடிக்கிறத்தாலயோ தெரியா, சஹருக்கு எழும்புறதும் கஷ்டம்." சஹருக்கு எழும்பும் மாதத்தில் நித்திரை கெடுவது இயல்புதான். ஆனாலும், முதல் வாரத்தைவிட நான்காம் வாரத்தில் நித்திரை கூடுகிறது என்ற பேச்சே சந்தேகத்துக்குரியது. பழகும் நித்திரை இறங்கு முகமாக இருக்க வேண்டும். பிள்ளையைத் தாதி உள்ளே நடக்க விட்டுப் பார்த்தார்: கைகள் வீசாமல் பக்கத்தில் ஒட்டிக்கொண்டிருந்தன, எடுத்து வைத்த அடி சிறிதாக இருந்தது, முகத்தில் அசைவில்லை, வாயோரத்தில் எச்சில் ஊறியிருந்தது. நித்திரை வருகிறதா என்று நேரே கேட்டதற்கு அந்தப் பிள்ளை, "நித்திரை இல்ல, உடம்பு வருதில்ல" என்றது. டோபமின் பூட்டு அசைவுக்கான பகுதியில் அளவுக்கு மேல் அடைபட்டதால் வந்த விறைப்பு அது. வெளியிலிருந்து பார்ப்பவருக்கு நித்திரை மாதிரித் தோன்றும். காத்திருந்தால் தானாகத் தெளியும் என்று இதை விட்டுவிடக் கூடாது. வைத்தியர் அளவை 3 ஆகக் குறைத்தார். இரண்டு வாரத்தில் கை வீச்சுத் திரும்பியது.

பகலில் கண் சொருகிக் கிடக்கிறவரிடம் வீட்டார் கேட்டுப் பார்க்கக்கூடிய கேள்வி அதுதான்: கண் மூடுகிறதா, அல்லது உடம்பு நகர மறுக்கிறதா? கூடவே இரண்டு நிலைகளில் காத்திருப்பு என்ற பேச்சுக்கே இடமில்லை. மருந்து தொடங்கியவருக்குக் காய்ச்சல், உடம்பு மரக்கட்டைபோல் இறுகுதல், வியர்வை, புத்தித் தடுமாற்றம் ஆகியவை சேர்ந்து வந்தால் அது அரிதான, உயிராபத்தான ஒரு எதிர்விளைவாக இருக்கலாம். தட்டி எழுப்பியும் கண் திறக்காமல் கிடந்தால் கூடுதலாக விழுங்கியிருக்கலாம். இரண்டிலும் 1990 அம்புலன்சை அழைத்து உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வேண்டும்.

மற்றபடி, முழு அளவுக்கு வந்த பிறகு இரண்டு தொடக்கம் நான்கு வாரம் பொறுத்துப் பார்ப்பது நியாயமான அவகாசம். அந்த நாட்களில் மோட்டார் சைக்கிளையும் உழவு இயந்திரத்தையும் தோணியையும் தள்ளி வைக்க வேண்டும். சாராயமும் கள்ளும் இந்த நித்திரையின் மேல் ஏறி உட்காரும் என்பதால் அவற்றையும்தான். எல்லோருக்கும் நித்திரை முற்றாகத் தெளிவதில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். சிலருக்கு ஒலன்சபினின் மந்தம் மாதக்கணக்கில் நிற்கும். அவர்களுக்கு அளவை மெதுவாக இறக்கியோ, நித்திரை குறைந்த அரிப்பிப்ரசோல் போன்ற வேறு மருந்துக்கு மாற்றியோ பார்ப்பது வைத்தியரின் வேலை. அதற்கு அவருக்கு உதவுவது, குளிசை கொடுத்த நேரம், உறங்கிய நேரம், எழும்பிய நேரம் ஆகிய மூன்றையும் ஒரு கொப்பியில் எழுதி வருவது. "நெடுக நித்திரை" என்ற ஒரு சொல்லை வைத்துக்கொண்டு யாராலும் எதையும் மாற்ற முடியாது.

எங்கள் இளைஞனுக்கு மூன்றாம் மாதத்தில் நித்திரை திரும்ப வந்தது. குளிசையின் அளவு மாறவில்லை, வேறு மருந்தும் சேரவில்லை. தாய் கதிர்காமத்துக்கு நேர்த்தி வைத்திருந்தார். ஆடி மாதம் திருக்கோவில், பொத்துவில், உகந்தை, குமண வழியாக நடந்து போகும் கூட்டத்தோடு மகனும் போவதென்று முடிவாகி, அவன் அதற்காக விரதம் பிடித்து, நாளுக்குப் பத்துப் பன்னிரண்டாக இருந்த சிகரெட்டை ஒரேயடியாக நிறுத்தியிருந்தான். சிகரெட் புகையில் உள்ள பொருட்கள், ஒலன்சபினைக் கழிக்கும் ஈரல் நொதியத்தைத் தூண்டி விடுகின்றன. புகைப்பவரின் உடம்பு அதனால் இந்த மருந்தை மற்றவர்களைவிட வேகமாக வெளியேற்றும். புகை நின்று ஏறக்குறைய ஒரு வாரத்தில் அந்தத் தூண்டல் அடங்கி, அதே 10 மில்லிகிராம் இரத்தத்தில் முன்பைவிட உயர்ந்த மட்டத்தில் நிற்கத் தொடங்குகிறது. பழகியது பழைய மட்டத்துக்குத்தானே. வைத்தியர் நடைக்குப் போகும் முன் அளவை 7.5 ஆக்கினார், ஐந்து மில்லிகிராம் குளிசையில் ஒன்றரை. திரும்பி வந்து மீண்டும் புகைக்கத் தொடங்கினால் மட்டம் விழும், அப்போது வந்து சொல்ல வேண்டும் என்று தாயிடம் இரண்டு தடவை சொல்லி அனுப்பினோம். இது புகையின் வேலை. வெற்றிலையோடு புகையிலை மெல்லுகிறவர்களுக்குப் பொருந்தாது. ரிஸ்பெரிடோனுக்கும் இந்தக் கணக்கு இல்லை.

நடந்து போய் வந்த பிறகு அவன் காலையில் தானாக எழும்பி வயலுக்குப் போனான். தாயும் நித்திரையைப் பற்றிக் கேட்பதை விட்டுவிட்டார். அந்த மாதம் தராசில் ஏற்றியபோது, தொடங்கிய நாளைவிட 6 கிலோ கூடியிருந்தான். நித்திரையைத் தந்த அதே ஹிஸ்டமின் பூட்டுக்குப் பசியைக் கூட்டுவதிலும் பங்கு உண்டு, பசியோ நித்திரையைப்போல எளிதில் பழகி அடங்குவதில்லை. தாய் அந்த எண்ணைப் பார்த்து, "இப்பதான் சேர் சதை புடிச்சிரிக்கான்" என்று மகிழ்ந்தார். அடுத்த பக்கத்தில் எழுதுவதற்காக நாடாவை எடுத்து அவனுடைய இடுப்பைச் சுற்றி அளந்தேன். இரத்தச் சீனிப் பரிசோதனைக்குத் துண்டு எழுதித் தரும்படி வைத்தியரிடம் அவர்களைத் திரும்ப அனுப்பினேன்.